இன்று காலை நான்கு மணிக்கு

அரிக்கன் விளக்கின் சிம்னியைத் துடைப்பது அந்த வீட்டில் ஞானையனின் வேலை. லீலாபாயின் கை வளையலோடு உள்ளே போகாது. அவருடைய கை ஒல்லி. பொழுது சாய்வதற்கு முன் பழந்துணியில் கொஞ்சம் சாம்பல் தொட்டு, கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, இரண்டு சுற்று சுற்றி எடுத்துவிடுவார். அன்று ஏழெட்டுச் சுற்று ஆகிவிட்டது.

"கேட்டியளா, இன்னும் தொடச்சா கண்ணாடியே தேஞ்சு போவும்," என்றாள் லீலாபாய். அவள் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"கரி போவல்ல."

"கரி எப்பமே போயாச்சு. மத்தியானம் வந்த காயிதத்தில என்ன எழுதியிருக்கு, அதச் சொல்லுங்க."

அவர் சிம்னியை விளக்கில் பொருத்தினார். சரியாக உட்காரவில்லை. எடுத்து மறுபடி பொருத்தினார்.

"சிலுவைதாசனுக்குப் பணம் இல்லையாம்," என்றார்.

அருமனைக்குப் பக்கத்தில் பொன்னுலிங்கம் முதலாளியின் ரப்பர் தோட்டத்தில் ஞானையன் ரைட்டர். பதினாறு வருஷச் சர்வீஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கையில் இருந்தது. மலையாளம் எழுத்துக் கூட்டி வாசிப்பார், எழுத வராது. தோட்டத்திலிருந்து வெளியே போகிற காகிதம் எதுவானாலும் அவர் எழுதி முதலாளி ஒப்பு என்கிற கையெழுத்தைப் போடவேண்டும். முதலாளி வாசித்துப் பார்ப்பதில்லை. "ஞானையன் எழுதினா பிறவு நான் எதுக்குப் பாக்கணும்?" என்பார். அது பாராட்டா சோம்பலா என்று ஞானையன் யோசித்ததில்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஒரு லாரிக் கம்பெனியில் இருந்தபோது, ஒரே விபத்தைப் பற்றிப் போலீசுக்கு ஒரு மாதிரியும் முதலாளிக்கு ஒரு மாதிரியும் எழுதப்போய், சிலம்பிமடக்கு என்ற வளைவு ஒரு காகிதத்தில் இரண்டாம் மைலிலும் மற்றொன்றில் மூன்றாம் மைலிலும் ஆகி, வேலை போயிற்று. இரண்டு இடத்திலும் அவர் பொய் எழுதவில்லை. இரண்டு தடவை நினைவிலிருந்து எழுதினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எது நடந்தாலும் முதலில் ஒரு துண்டுச் சீட்டில் நடந்ததை மட்டும் எழுதுவார். என்ன, எங்கே, எப்போது, யார், பார்த்தது யார். அதற்குத் தாய்ச்சீட்டு என்று பெயர். எந்த ஆபீஸுக்கு எந்தப் பாரத்தில் எழுதினாலும் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்துதான் எழுதுவார். சீட்டில் இல்லாததை எந்தப் பாரம் கேட்டாலும், போய் விசாரித்து முதலில் சீட்டில் எழுதிவிட்டு அப்புறம்தான் பாரத்தில் ஏற்றுவார். இதைச் சொல்லி லீலாபாய் கேலி செய்வாள். "கலியாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் சீட்டு எழுதினியளா?"

1953 ஆகஸ்டில், தோட்டத்தில் உருளை வேலை பார்த்த சிலுவைதாசனின் கை போயிற்று. மழையில் மூன்று நாள் ரப்பர் வெட்டு நின்றதால் ஞாயிற்றுக்கிழமையும் பால் எடுத்திருந்தார்கள். தட்டுகளில் உறையவிட்ட பாலை மறுநாள் விடியுமுன் உருளையில் கொடுத்து ஷீட்டாக்கவேண்டும். எஞ்சினில் ஓடும் உருளை. மூன்றரைக்கு வேலைக்கு ஏறியவன், நாலு மணிக்கு வழுக்கும் ஷீட்டோடு வலது கையையும் கொடுத்துவிட்டான். எஞ்சின்காரர் ஓடி நிறுத்துவதற்குள் நாலு விரலும் போயிற்று. பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

ஞானையன் வந்து சேர்ந்தபோது அவனை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லாரி மிஷன் ஆசுபத்திரிக்குப் போன பிறகு, உருளைக்குப் பக்கத்தில் நின்றபடியே, அரிக்கன் வெளிச்சத்தில், அவர் சீட்டை எழுதினார். கை உள்ளே போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியின் ஒரு முனையில் ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டியிருந்ததையும் எழுதினார். எஞ்சின்காரர் எட்டிப் பார்த்து, "சாரே, அதையுமா?" என்றார். "அது இருந்ததுல்லா," என்றார் ஞானையன்.

எட்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார். அப்போது அது திருவனந்தபுரம் ஆட்சியில் இருந்ததால் அங்கே மனு மலையாளத்தில் வேண்டும். வாசலில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுத்துக்காரர் சிவதாணுப் பிள்ளையிடம் சீட்டை வாசித்தார். பூதப்பாண்டிக்காரர், மலையாளம் அவர் கையில் தண்ணீர் மாதிரி ஓடும். அவர் எழுதி முடித்ததை ஞானையன் எழுத்துக்கூட்டிப் பார்த்து, சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானத்துக்குள் பாக்டரி இன்ஸ்பெக்டருக்குத் தந்தி. பின்னாலேயே அச்சடித்த இங்கிலீஷ் பாரம். என்ன தேதி, எத்தனை மணி, அன்று அவன் வேலை தொடங்கியது எத்தனை மணிக்கு, இயந்திரம் எந்த விசையில் ஓடியது, காப்பு இருந்ததா என்றெல்லாம் அதில் கட்டம் கட்டமாகக் கேள்வி. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேறொரு பாரம். அதில் கூலி என்ன, குடித்திருந்தானா, சொல் மீறினானா. ஒரு வாரம் கழித்து நஷ்டஈட்டுக் கமிஷனருக்குச் சிலுவைதாசன் பெயரில் விண்ணப்பம். அவன் இடது பெருவிரலை மையில் தொட்டு வைத்தான். வலது கையால் ஏன் வைக்கவில்லை என்று கேட்பார்களோ என்று பயந்தான்.

நாலு காகிதத்திலும் ஒரே மணி, ஒரே இடம், ஒரே கயிறு. ஞானையன் நிம்மதியாக இருந்தார். விளக்குத் துடைத்த அன்று மத்தியானம் அந்தக் கடிதம் வரும் வரை.

இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியிருந்தது இதுதான். தங்கள் பாரத்தில் விபத்து ஆகஸ்ட் பதினேழு, திங்கள். போலீஸ் மனுவின் நகலில் கொல்லம் ஆண்டு 1128, ஆடியாகிய கர்க்கடகத்தின் கடைசி நாள், ஞாயிறு. பஞ்சாங்கப்படி அது ஆகஸ்ட் பதினாறு. தாங்கள் பழைய பாலிசியை ஜூலையோடு விட்டுவிட்டுப் புதிதாகப் பணம் கட்டியது, ஆவணியான சிங்ஙம் ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் பதினேழு முதல். பாலிசிக்குள் வருவதற்காகத் தேதி மாற்றப்பட்டதாகக் கருத இடமிருப்பதால் பணம் கொடுப்பதற்கில்லை. நகல் கமிஷனருக்கு.

"தேதிய மாத்தினியளா?" என்று லீலாபாய் கேட்டாள்.

ஞானையன் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து தாய்ச்சீட்டை எடுத்து வந்தார். மூன்று தடவை வாசித்தார். *இன்று காலை நான்கு மணிக்கு.* தேதி இல்லை. சீட்டின் எந்த மூலையிலும் தேதி இல்லை. அந்த நேரத்தில், அந்த இடத்தில், இன்று என்பது எது என்று யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் இரண்டு தடவை எழுந்து காலண்டரைப் பார்த்தார். கிழங்கு ஆறிப்போயிற்று.

மறுநாள் காலை முதலாளியின் ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். சிவதாணுப் பிள்ளையை ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

"நாலு பேருக்கு நாலு காயிதம் எழுதினது நீரு," என்றார் பொன்னுலிங்கம். "நாலிலயும் தோட்டத்துப் பேரு. இப்பம் கம்பெனிக்காரன் என்னையக் கள்ளன்ணு எழுதியிருக்கான். வே பிள்ளை, நீரு எந்தத் தேதியப் பாத்து எழுதினீரு?"

சிவதாணுப் பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரியான தேதியத்தான். வெளுக்குததுக்கு முன்ன நாலு மணிக்கு நடந்தா அது முந்தின நாள்ல சேத்தி. சூரியன் உதிக்காம சிங்ஙம் எங்ஙன பொறக்கும்? இங்கிலீசுகாரன் நடுராத்திரி எழும்பித் தேதிய மாத்துவான். அதுக்கு நானா உத்தரவாதம்? உங்க ரைட்டரு 'இன்று'ன்னு வாசிச்சாரு. நான் 'வெளுத்தாச்சா'ன்னு கேட்டேன். 'இல்ல'ன்னாரு. எழுதினேன். வாசிச்சுப் பாத்துத்தான் ஒப்புப் போட்டாரு."

"வாசிச்சேன்," என்றார் ஞானையன். "தப்பாத் தெரியல்ல."

தெரிந்திருக்க வழியில்லை. விடியுமுன் பிறந்த அவருடைய மகளுக்கு அவர் வீட்டிலும் முந்தின நாளைத்தான் பிறந்தநாள் என்று சொல்லிவந்தார்கள். ஞானஸ்நானப் பதிவில் மட்டும் மறுநாள். அதை யாரும் ஒரு வித்தியாசமாக எண்ணியதே இல்லை.

பொன்னுலிங்கம் கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு முகம் தெளிந்தது.

"இவ்வளவுதானே? அப்பம் சூரியன உதிக்க வச்சிருவோம். நாலு மணிங்கறத ஆறரைன்னு ஆக்கும். வெளுத்த பிறவு நடந்ததுன்னா ரெண்டு கணக்கிலயும் அது சிங்ஙம் ஒண்ணு, திங்கக்கிழமை. போலீசுக்கு ஒரு திருத்த மனு. மத்தவனுக்கு ஆளுக்கொரு காயிதம். கைப்பிழைன்னு போடும். எல்லாம் ஒண்ணு போல ஆயிரும். உமக்கும் அதானே வேணும்?"

சிவதாணுப் பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஞானையனைப் பார்த்தார்.

ஞானையனுக்கு ஒரு கணம் அது நன்றாகத்தான் பட்டது. நாலு காகிதமும் ஒரே நாள், ஒரே மணி, ஒரு சொல் பிசகாமல். சிலுவைதாசனுக்குப் பணம் வந்துவிடும். அவனுக்கு நாலு மணியானால் என்ன, ஆறரையானால் என்ன, விரல் விரல்தான். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்தார். சன்னல் பக்கம் போனார். திரும்பி வந்தார்.

"ஆசுபத்திரியில நோட்டு உண்டு," என்றார்.

"என்ன நோட்டு?"

"யாரு வந்தாலும் மணி பாத்து எழுதுவாவ. லாரி அஞ்சரைக்குள்ள போய்ச் சேந்தாச்சு. ஆறரைக்கு உருளையில கையக் குடுத்தவன் அஞ்சரைக்கு ஆசுபத்திரியில எப்படிப் படுத்திருப்பான்?"

"அந்த நோட்ட யாரு பாக்கப்போறா?"

"போலீஸ் மனுவ யாரு பாக்கப்போறான்னுதான் நானும் இருந்தேன் முதலாளி."

சிவதாணுப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அதோட," என்றார் ஞானையன், "தேதிய மாத்தினோம்ணு அவன் இப்பம் சந்தேகப்படுதான். மணிய மாத்தினா சந்தேகத்துக்கு நம்மளே சாட்சி சொன்ன மாதிரி ஆவும்."

"அப்பம் என்னதான் செய்யச் சொல்லுதீரு? கம்பெனி தரல்லேன்னா நான் தரணும். நான் தரமாட்டேன். வக்கீல வச்சி வருஷக்கணக்கா இழுப்பேன். முகத்துக்கு நேரே சொல்லுதேன். அது நல்லதா அந்தப் பயலுக்கு?"

அது பொய் மிரட்டல் இல்லை என்று ஞானையனுக்குத் தெரியும். அவர் குடையை எடுத்தார்.

ஆசுபத்திரிக்குப் போகிற பஸ்ஸில் அவரால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கே நோட்டைப் புரட்டிய நர்ஸம்மா, விரல் வைத்துக் காட்டினாள். 17-8-53, காலை 5.20. அவள் எழுதிக் கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி ஸ்டேஷனுக்குப் போனார். அங்குள்ள பொதுப் புத்தகத்தில் மனு வந்த நேரம் இருந்தது. சிங்ஙம் ஒன்று, திங்கள், காலை எட்டு மணி. மனுவில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டாம், கூட ஒரு விளக்கம் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ஹெட் கான்ஸ்டபிள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாத்தணும்ணுதான் எல்லாரும் வருவானுவ. மாத்தாண்டாம்ணு வந்த ஆளு நீருதான்."

சாயங்காலம் அவரும் சிவதாணுப் பிள்ளையும் பெட்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஞானையன் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். *சம்பவம் நடந்தது காலை நான்கு மணி, சூரிய உதயத்துக்கு முன். இங்கிலீஷ் கணக்கில் 1953 ஆகஸ்ட் 17, திங்கள். உதயம் முதல் நாளை எண்ணும் மலையாளக் கணக்கில் கொல்லம் 1128 கர்க்கடகம் கடைசி நாள், ஞாயிறு. இரண்டும் ஒரே நேரம். முன் கொடுத்த காகிதங்களில் மணி மாறவில்லை, மாற்றவும் இல்லை.* அதன் கீழே ஆசுபத்திரி நோட்டில் உள்ள நேரம், ஸ்டேஷன் புத்தகத்தில் உள்ள நேரம். அதற்கும் கீழே, இதே வாசகம் இன்னின்ன நாலு இடத்துக்கும் போகிறது என்று நாலு பெயரும்.

"நாலு பேரையும் நாலு பேருக்கும் காட்டிக் குடுக்குதீரே," என்றார் சிவதாணுப் பிள்ளை.

"ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிடட்டும்."

மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் மூன்று. சிவதாணுப் பிள்ளை எழுதியதை ஞானையன் இந்தத் தடவை உரக்க வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் கேட்டார். மூன்றாவது கேள்வியில் பிள்ளைக்குக் கோபம் வந்தது. "எனக்கே மலையாளம் படிச்சுத் தாறீரா?" ஞானையன் நாலாவது கேள்வியையும் கேட்டார். பழைய தாய்ச்சீட்டின் நகலையும் கூடவே வைத்தார். 'இன்று' என்ற சொல் அதில் அப்படியே இருந்தது.

முதலாளி அன்று முதல் தடவையாக வாசித்துப் பார்த்து ஒப்புப் போட்டார். காப்புக் கம்பி, கயிறு என்று பழைய சீட்டில் இருந்ததைக் கண்டதும் பேனா நின்றது.

"இதையும் எழுதி அனுப்பியிருந்தீரா? என்னைய வச்சே?"

"நாலிலயும்."

"கயிற எழுதுததுக்கு ஓர்மை இருந்திச்சு. தேதிய எழுதுததுக்கு இல்ல."

ஞானையன் ஒப்பின் மேல் மையொற்றும் தாளை அழுத்தினார்.

பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து காப்புக் கம்பியைப் பார்த்துவிட்டுப் போனார். கம்பெனி இன்னும் இரண்டு கடிதம் எழுதியது. கமிஷனர் ஒரு தேதி போட்டு, தள்ளி, வேறு தேதி போட்டார். மார்கழி போயிற்று. தபால்காரர் வரும் ஒவ்வொரு தடவையும் ஞானையன் எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பினார். தோட்டத்தில் சின்னக் காகிதம் எழுதினாலும், கிழமை, இரண்டு கணக்குத் தேதி, உதயத்துக்கு முன்னா பின்னா என்று எழுத ஆரம்பித்தார். வீட்டில் பால்காரியின் கணக்கில்கூட. லீலாபாய் அதைக் கேலி செய்யவில்லை.

மாசி மாதம் திருவனந்தபுரத்தில் விசாரணை நடந்தது. கமிஷனர் ஆசுபத்திரித் துண்டையும் ஸ்டேஷன் புத்தகத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாய்ச்சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். கம்பெனி வக்கீலிடம், "இரண்டு காலண்டர், ஒரே கை," என்றார். பாலிசிக்குள்தான் விபத்து என்று எழுதினார். பங்குனியில் பணம் வந்தது. சிலுவைதாசன் இடது கையால் வாங்கினான்.

அதற்கு அடுத்த ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்து அவன் மனைவி ராஜபாய் ஞானையனின் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளுடைய மகள். பன்னிரண்டு வயதிருக்கும். லீலாபாய் பாயை விரித்தாள். பெண் உட்கார்ந்ததும் கையை மடிக்குள் வைத்துக்கொண்டது. முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருந்ததை லீலாபாய் பார்த்துவிட்டாள்.

"பள்ளிக்கூடம் போவல்லியா மக்கா?"

"ஐப்பசியில நிறுத்தியாச்சு," என்றாள் ராஜபாய். "அண்டி ஆபீசுக்குப் போறா. முந்திரிக்கொட்டையத் தல்லி உடைக்குத வேலை. திரும்ப அனுப்பலாம்ணு போய்க் கேட்டேன். இந்த வருஷம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாவ. இவளும் மாட்டேங்கா. சின்னப் பிள்ளையளோட இருக்க வெக்கமாம்."

லீலாபாய் காப்பி போட எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

"இருக்கட்டும் அக்கா." ராஜபாய் ஞானையனைப் பார்த்தாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "சாரே, நீங்க அலைஞ்சது எல்லாருக்கும் தெரியும். நீங்க இல்லேன்னா இந்தப் பணமும் இல்ல. எனக்க வீட்டுக்காரர் திருவனந்தபுரத்தில பாத்ததச் சொன்னாரு. அந்தத் துண்டுச் சீட்டில 'இன்று'ன்னு மட்டும் இருந்துதாம். அதக் கமிஷனரு வாசிச்சப்பம் எல்லாரும் சிரிச்சாவளாம்."

"சிரிச்சாவ," என்றார் ஞானையன்.

"உருளைக்குப் பக்கத்தில நின்னு எழுதினீங்க. கயிறு கண்டீங்க, எழுதினீங்க. ஆணி இல்லாதது கண்டீங்க, எழுதினீங்க. ரெண்டு கணக்குத் தேதியும் ஒரு வரி. அத அண்ணைக்கே எழுதியிருந்தா ஐப்பசிக்கு முன்னயே காரியம் முடிஞ்சிருக்கும், இல்லியா சாரே?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அடுக்களையில் லீலாபாய் பாத்திரத்தை ஓசைப்படாமல் கீழே வைத்தாள். ஞானையன் எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார்.

ராஜபாய் காத்திருந்தாள். பிறகு மகளின் தோளைத் தொட்டாள். இரண்டு பேரும் எழுந்து, பாயைத் தாங்களே சுருட்டிச் சுவரோரம் சாத்திவிட்டு, வெளியே போனார்கள்.